சுவரைக் கேட்காதீர்கள், கூரையைப் பாருங்கள்: டர்பன் வீடுகளில் உள்சுவர் எடுக்கும் வேலை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று வருகிறவர்கள் நிறையப் பேர். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பழைய வீடுகளில் அறைகள் சின்னவை, அதனால் ஆசை நியாயமானதுதான். கொத்தனாரைக் கூப்பிட்டால் அவர் சுவரைத் தட்டிப் பார்ப்பார், கதவு நிலையில் தடிமனை அளப்பார், "அரைக்கல் சுவர்தானே, தட்டினா போச்சு" என்பார். இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. அரைக்கல் சுவர் என்பதால் அது வெறும் தடுப்புச் சுவர் ஆகிவிடாது.

சுவரைத் தட்டிச் சத்தம் கேட்கும் வழக்கம் மரச்சட்டத்தில் பலகை அடித்த சுவர்கள் உள்ள ஊர்களில் உதவும். இங்கே உள்சுவர் பெரும்பாலும் செங்கல். சுமை தாங்கும் சுவரும் கெட்டியாகத்தான் ஒலிக்கும், சும்மா நிற்கும் சுவரும் அப்படியேதான். தடிமனும் கைகொடுக்காது. இங்கே வழக்கத்தில் உள்ள செங்கல் 222 × 106 × 73 மி.மீ. அரைக்கல் சுவர் 106 மி.மீ., இரண்டு பக்கமும் பூச்சு சேர்த்தால் சுமார் 130. ஒரு மாடி வீட்டில் கூரையின் நடுப் பாரத்தை அந்த 106 மி.மீ. சுவரே வாங்கிக்கொள்ளும், அதற்கு வலு போதும், அதனால் அப்படியே கட்டியும் இருக்கிறார்கள். வெளிச்சுவர் முழுக்கல், உள்சுவர் அரைக்கல், ஆகவே பாரமெல்லாம் வெளிச்சுவரில் என்று சொல்வது வெறும் ஊகம்.

தரையைத் தோண்டிப் பார்த்தும் முடிவு சொல்ல முடியாது. இங்கே பல வீடுகளில் உள்சுவருக்குக் கீழே தரைக் கான்கிரீட்டையே தடிமனாக்கி விட்டிருப்பார்கள். பாரம் வாங்கும் சுவருக்கும் அப்படிச் செய்திருக்கலாம், வாங்காத சுவருக்கும் செய்திருக்கலாம். பதில் இருக்கும் இடம் சீலிங்குக்கு மேலே.

சீலிங் கதவு வழியாக மேலே ஏறும் முன் ஒரு விஷயம். பழைய வீடுகளில் சீலிங் பலகையும் கூரைத் தகடும் அஸ்பெஸ்டாஸ் கலந்தவையாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் 2008-இல்தான் அதற்கு முழுத்தடை வந்தது. அதற்கு முன் கட்டியதாக இருந்தால், சோதித்துத் தெரியும்வரை அதை வெட்டவோ, உடைக்கவோ, துளைக்கவோ கூடாது. அஸ்பெஸ்டாஸ் என்று தெரிந்தால் 2020-இல் வந்த விதிகளின்படி பதிவு பெற்றவர்கள்தான் அதை அகற்றலாம். பிடுங்கிப் பையில் போடுகிற வேலை அல்ல.

மேலே ஏறியதும் சீலிங்கைப் பிடித்துக் குறுக்கே கிடக்கும் கிடைமரங்களில் மட்டும் கால் வைத்து, கீழே இருக்கும் சுவர் எந்த இடத்தில் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். அஸ்பெஸ்டாஸ் இல்லை என்று உறுதியான சீலிங்காக இருந்தால், ஓரத்தில் ஒரு சின்னத் துளை போட்டு மெல்லிய கம்பியை மேலே நீட்டி வைத்தால் இடம் தப்பாது. பிறகு நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் கிடைமரத்தின் இணைப்பு. கடையில் கிடைக்கும் பைன் மரத்தின் நீளம் பெரும்பாலும் 6.6 மீட்டருக்கு மேல் போகாது. வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் ஏழு மீட்டருக்கு மேல் இருக்கும் வீட்டில் கிடைமரத்தை இரண்டு துண்டாகத்தான் போட்டாக வேண்டும். இடத்திலேயே தச்சர் செய்த பழைய கூரையாக இருந்தால் அந்த இணைப்பை அவர் எங்கே வைப்பார்? கீழே தாங்கல் கிடைக்கிற இடத்தில், அதாவது நடுச்சுவரின் மேல். இரண்டு துண்டுகளும் சுவருக்கு நேர் மேலே ஒன்றோடொன்று ஒட்டி ஏறி நின்று, ஆணியோ போல்ட்டோ போட்டிருந்தால், அந்தச் சுவர் பாரம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டம்தான் ட்ரஸ். தொழிற்சாலையில் ஆணித்தகடு அழுத்திச் செய்த ட்ரஸ்ஸிலும் இணைப்பு உண்டு. ஆனால் அதை உருவாக்கியவர் அதற்கு வேறு இடம் தேர்ந்திருப்பார், கீழே எந்தச் சுவர் எங்கே வருகிறது என்பது பெரும்பாலும் அவர் கணக்கில் இருக்காது.

இரண்டாவது, மேலிருந்து இறங்கும் கால்கள். முகட்டிலிருந்தோ, ஓட்டைத் தாங்கிச் சரிவாக இறங்கும் கைமரத்தின் நடுவிலிருந்தோ ஒரு ஊன்றுகால் நேராகவோ சாய்வாகவோ இறங்கி, சுவருக்கு நேர் மேலே கிடைமரத்தில் உட்கார்ந்திருந்தால், ஓட்டின் பாரம் அதன் வழியாகத்தான் கீழே வருகிறது. ஆணித்தகடு ட்ரஸ்ஸிலும் சாய்மரங்கள் கூடும் முனை சுவருக்கு நேர் மேலே வந்தால் சந்தேகப்பட வேண்டும். நடுவில் தாங்கல் வைத்தே உருவாக்கிய ட்ரஸ்களும் இருக்கின்றன.

மூன்றாவது, சுவர் உச்சியில் மரப்பட்டி இருக்கிறதா, சுவரிலிருந்து புறப்பட்டு ட்ரஸ்ஸைச் சுற்றிக் கட்டிய கால்வனைஸ் பட்டையோ கம்பியோ இருக்கிறதா என்பது. பாரம் இறங்கும் சுவரின் மேல்தான் மரப்பட்டியைக் கலவையில் பதித்து மட்டம் பார்ப்பார்கள். கம்பி கட்டியிருந்தால் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: காற்று கூரையைத் தூக்கும்போது அந்தச் சுவர் தன் எடையால் அதைப் பிடித்துக்கொள்கிறது. கீழே அழுத்துவதைத் தாங்கப் புது பீம் போட்டுவிட்டு, மேலே தூக்குவதைத் தடுக்க எதுவும் கட்டாமல் விட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. இதை மறப்பவர்கள் அதிகம்.

நான்காவது, இடைவெளி. ரம்பப் பிளேடு ஒன்றை எடுத்துச் சுவர் உச்சிக்கும் கிடைமரத்துக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். தொழிற்சாலை ட்ரஸ் போட்ட வீட்டில் ஒவ்வொரு ட்ரஸ்ஸின் கீழும் பிளேடு தடையில்லாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால், இந்த நிமிடத்தில் பாரம் இல்லை. 'இந்த நிமிடத்தில்' என்று சொல்லக் காரணம் உண்டு. மரம் ஆண்டுக்கணக்கில் தொய்யும். பத்து மி.மீ. இடைவெளி விட்டுக் கட்டிய சுவரின் மேல் ட்ரஸ் மெதுவாக இறங்கி உட்கார்ந்துவிடலாம். பிளேடு போகவில்லை என்பதாலேயே சுமை தாங்கும் சுவர் என்றும் சொல்லிவிட முடியாது, நாலு இடத்தில் போய் ஐந்தாவது இடத்தில் சிக்கினால் அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அந்த இடத்தில் கீசர் உட்கார்ந்திருக்கும்.

கீசரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் 150 லிட்டர் கீசரைக் கூரைக்குள்தான் வைக்கிறோம். தண்ணீரோடு சுமார் 200 கிலோ. அதைக் கிடைமரங்களின் மேல் பலகை போட்டு, உள்சுவருக்குப் பக்கமாகப் பார்த்து வைத்திருப்பார்கள். ட்ரஸ் கணக்குப்படி தடுப்புச் சுவராக இருந்தது, கீசர் வந்த நாளிலிருந்து பாரம் வாங்கும் சுவராகிவிடும். அதேபோல, லேசான தகடு இருந்த கூரையை எடுத்துவிட்டுப் பிற்காலத்தில் கான்கிரீட் ஓடு போட்ட வீடுகள் இங்கே நிறைய உண்டு. ஓடு ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல், பழைய தகடு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பழைய வரைபடத்தில் தடுப்பு என்று இருப்பதை அத்தகைய வீட்டில் நம்ப முடியாது.

கீழ்நோக்கிய பாரம் இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இந்தச் சுவர் எந்த வெளிச்சுவரோடு பின்னிக் கட்டியிருக்கிறது? நீளமான வெளிச்சுவர் காற்றில் சாயாமல் நிற்பது குறுக்கே வந்து சேரும் உள்சுவர்களால்தான். முக்கோண முகடு உள்ள பக்கச்சுவருக்கு இது இன்னும் முக்கியம். உள்சுவரை வெளிச்சுவர்வரை வழித்து எடுத்துவிட்டால் வெளிச்சுவரின் தாங்கலில்லாத நீளம் திடீரென்று இரண்டு மடங்காகும். கொஞ்ச காலம் கழித்து ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். அதனால் முழுச் சுவரையும் எடுக்காமல் வெளிச்சுவர் ஓரத்தில் ஒரு துண்டை விட்டுவைப்பது வழக்கம். எவ்வளவு நீளம் என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும்.

ஒட்டு வீட்டில் இரண்டு குடும்பங்களுக்கும் நடுவில் இருக்கும் பொதுச்சுவரைத் தொடவே கூடாது. மேல்மாடியோ கான்கிரீட் தளமோ சுவரின் மேல் இருந்தால் கீழே சொல்லும் முறை பொருந்தாது. அதற்குச் சுவரைத் துளைத்துக் குறுக்குக் கட்டைகள் செருகி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்கும் வேறு ஏற்பாடு வேண்டும், அதன் கணக்கும் வேறு. இனி வருவது ஓட்டுக் கூரை, மரக் கிடைமரம், ஒரே மாடி என்ற அமைப்புக்கு மட்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவே 7.4 மீட்டர். நடுச்சுவர் அரைக்கல். ட்ரஸ்கள் 760 மி.மீ. இடைவெளியில், தச்சர் இடத்திலேயே செய்தவை. கைமரமும் கிடைமரமும் 38 × 114. கிடைமரங்கள் நடுச்சுவரின் மேல் ஏறி இணைகின்றன, முகட்டிலிருந்து ஊன்றுகால் அங்கேயே இறங்குகிறது. சந்தேகத்துக்கே இடமில்லை, இது சுமை தாங்கும் சுவர். அதில் 2.7 மீட்டர் அகலத்துக்கு, பீமின் அடிவரை திறப்பு வேண்டும். பக்கச்சுவரை ஒட்டி 600 மி.மீ. சுவரை விட்டுவைக்கிறோம்.

முதலில் காகித வேலை. கட்டமைப்பை மாற்றும் வேலைக்கு 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் சட்டப்படி நகராட்சி அனுமதித்த வரைபடம் வேண்டும். பதிவு பெற்ற பொறியாளர் பீமின் அளவு, அது உட்காரும் இடம், முட்டுக் கொடுக்கும் முறை மூன்றையும் எழுதித் தர வேண்டும். பீமுக்கு மட்டும் அளவு வாங்கிக்கொண்டு முட்டைக் கொத்தனார் கையில் விட்டுவிடுவார்கள். ஆபத்தான நேரமே முட்டில் நிற்கும் நேரம்தான், அதனால் அதற்கும் சேர்த்துக் கேளுங்கள்.

பாரம் எவ்வளவு என்று ஒரு தோராயக் கணக்கு. ஓடு, ரீப்பர், மரம், சீலிங் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 80 கிலோ. கூரையில் ஆள் ஏறுவது, காற்று, மற்றவற்றுக்கு 50 கிலோ. மொத்தம் 130. நடுச்சுவர் இரு பக்கத்திலும் பாதிப் பாதி அகலத்தை வாங்குகிறது என்றால் 3.7 மீட்டர். ஆக ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 480 கிலோ, ஒரு ட்ரஸ்ஸுக்கு சுமார் 365 கிலோ. கைமரங்கள் கொஞ்சத்தை வெளிச்சுவருக்கே தள்ளுவதால் உண்மையில் இதைவிடக் குறைவாக இருக்கும். முட்டுக்கு இப்படிக் கூடுதலாக எடுத்துக்கொள்வதே சரி. திறப்பின் மேல் நான்கு ட்ரஸ், ஆக மொத்தம் சுமார் ஒன்றரை டன்.

இந்த எடைக்கு இரும்பு முட்டுகள் போதுமா என்றுதான் எல்லோரும் யோசிப்பார்கள். முட்டு போதும், உடைவது வேறு இடத்தில். இதைப் பொறுமையாகப் பாருங்கள். 365 கிலோ இறங்குவது சுவருக்கு நேர் மேலே, கிடைமரத்தின் இணைப்பில். நாம் முட்டு வைப்பது சுவருக்கு இரு புறமும், சற்றுத் தள்ளி. சுவரை எடுத்ததும் அந்த எடை இரண்டு முட்டு வரிசைக்கு நடுவே தொங்கும். அதைத் தாங்க வேண்டியது 38 × 114 மரம், அதுவும் இணைப்புள்ள இடத்தில். வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்று முட்டு வரிசையை 650 மி.மீ. தள்ளி வைத்தால் நடுத்தூரம் 1.4 மீட்டர் ஆகிவிடும். அந்த நிலையில் மரத்தில் வரும் வளைவுத் தகைவு சாதாரணத் தரப் பைன் மரத்துக்கு அனுமதித்ததைப் போல இரண்டு மூன்று மடங்கு. முட்டெல்லாம் நேராக நிற்கும், கூரை நடுவில் மடியும்.

இதற்கு இரண்டு மாற்று, இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். முட்டு வரிசையைச் சுவர்ப் பூச்சிலிருந்து 350 மி.மீ. தூரத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. கிடைமரங்களுக்குத் துணைமரம் அடிப்பது இன்னொன்று. நான்கு ட்ரஸ்களுக்கும் இணைப்பின் இரு பக்கமும் 38 × 152 மரம், 2.4 மீட்டர் நீளம், மொத்தம் எட்டுத் துண்டு. கிடைமரத்தின் அடியும் துணைமரத்தின் அடியும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், அப்போதுதான் முட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடிக்கும். ஏறி இணைந்த இடத்தில் ஒரு பக்கம் 38 மி.மீ. பள்ளமாக இருக்கும், அதே தடிமன் துண்டை வைத்து நிரப்பி, 12 மி.மீ. போல்ட்டும் அகல வாஷரும் போட்டு இறுக்குங்கள். பழைய இணைப்பின் போல்ட்டையோ ஆணியையோ கழற்றக் கூடாது. கைமரங்கள் வெளிப்பக்கம் விரியாமல் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். துணைமரம் நிரந்தரமாக அங்கேயே இருக்கட்டும்.

இந்த வேலையெல்லாம் சுவர் நிற்கும்போதே முடிய வேண்டும். கீசரும் இப்போதே: மின்பெட்டியில் அதன் சுவிட்சை அணைத்த பிறகு தண்ணீரை வடித்துவிடுங்கள். வரிசை மாறினால் வெறும் தொட்டியில் எலிமென்ட் எரிந்துபோகும். சுவருக்குள் ஓடும் வயர்களையும் குழாய்களையும் தகுதியுள்ளவர்கள் துண்டித்துத் தர வேண்டும். சமையலறைச் சுவர் என்றால் அடுப்பின் தனிச் சுவிட்ச் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

அடுத்து, எடுக்கப் போகும் சுவரை ஒட்டி இரு பக்கமும் சீலிங்கில் 500 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி எடுக்கிறோம், அஸ்பெஸ்டாஸ் இல்லை என்று உறுதியான பிறகு. சீலிங்கை வெட்டாமல், முட்டுகளின் தலையில் கிடக்கும் தாங்குமரத்தைச் சீலிங் பலகையின் அடியிலேயே அழுத்துகிறவர்கள் உண்டு. ஜிப்சம் பலகை நசுங்கும், ரீப்பர்கள் ஒன்று தொடும் ஒன்று தொடாது, பாரம் வந்த பிறகு கூரை ஐந்தாறு மி.மீ. இறங்கிய பிறகுதான் முட்டு பிடிக்கும். அந்த ஐந்தாறு மி.மீ. போதும், ஓடு வாய்விட்டு மழைக்கு ஒழுகும்.

இங்கே ஒரு சின்ன வேலை, ஆனால் விட்டுவிட்டால் பின்னால் திணறும். பீமை இப்போதே கொண்டுவந்து சுவரடியில், முட்டு வரிசைக்கு உள்பக்கமாகத் தரையில் படுக்க வைத்துவிடுங்கள். இந்த வீட்டுக்குப் பொறியாளர் கொடுத்தது ஐ.பி.ஈ. 200 என்ற ஐ வடிவ இரும்பு பீம்: உயரம் 200, அகலம் 100 மி.மீ., மீட்டருக்கு சுமார் 22 கிலோ. நீளம் 3.16 மீட்டர், அதாவது திறப்பு 2.7, இரு முனையிலும் 230 உட்கார. சுமார் 71 கிலோ. அகலம் 100 என்பதால் 106 மி.மீ. சுவருக்குள் அடங்கும், பூச்சுக்கு வெளியே துருத்தாது. முட்டெல்லாம் நட்ட பிறகு மூன்று மீட்டர் இரும்பை அவற்றின் நடுவே நுழைக்க முயன்றால் யாராவது ஒருவர் ஒரு முட்டைக் 'கொஞ்ச நேரம்' கழற்றுவார். அந்தக் கொஞ்ச நேரத்தை உருவாக்காமல் இருப்பதுதான் வழி.

தாங்குமரம் ஒவ்வொரு பக்கத்துக்கும் 38 × 228 பலகை இரண்டு, ஒன்றோடொன்று சேர்த்து ஆணியடித்து, 3.6 மீட்டர் நீளம். திறப்பின் இரு முனையையும் தாண்டி 450 மி.மீ. நீண்டிருக்கும். கிடைமரத்தின் அடிமட்டம் 2.6 மீட்டர். தாங்குமரம் 228, அடிப்பலகை 50 போக, முட்டின் நீளம் சுமார் 2.32 மீட்டர். இதற்கு ஒன்றாம் எண் அக்ரோ முட்டு சரி, அது 1.75-லிருந்து 3.12 மீட்டர்வரை நீளும். முட்டு நீள நீள அதன் தாங்கும் வலு குறையும், சாய்ந்தால் இன்னும் குறையும், அதனால் வாடகைக் கடையில் அந்த நீளத்துக்கான அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு நான்கு, மொத்தம் எட்டு. ஒவ்வொன்றுக்கும் வரும் பாரம் 200 கிலோவை ஒட்டித்தான். ஒன்று வழுக்கினாலும் பக்கத்தில் உள்ளவை பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கே இவ்வளவு.

வாடகைக் கடையில் முட்டை எடுக்கும்போது உள்குழாய் நேராக இருக்கிறதா, திருகுப் பகுதி சுத்தமாக இருக்கிறதா, அடித்தட்டு வளையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட ஊசியைப் பாருங்கள். உள்குழாயின் துளைவழி போகும் அந்தத் தடித்த இரும்பு ஊசிதான் முழுப் பாரத்தையும் வெட்டுவிசையாக வாங்குகிறது. ஊசி தொலைந்துபோய் அதற்குப் பதிலாக 8 மி.மீ. முறுக்குக் கம்பித் துண்டைச் சொருகிக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். அது சத்தமில்லாமல் வளையும், பிறகு ஒரே வெட்டாக அறுந்து உள்குழாய் கீழே போய்விடும்.

தரையில் 228 × 50 பலகையை நீளவாட்டில் போட்டு நான்கு முட்டும் அதன் மேல் நிற்க வேண்டும். டைல்ஸ் தரையாக இருந்தால் முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தரையைத் தட்டும்போது சத்தம் பேசும்: பொத்தென்று ஒலித்தால் கான்கிரீட்டின் கீழ் மண் இறங்கி வெற்றிடம் ஆகியிருக்கிறது. அங்கே முட்டு வைக்க முடியாது, பொறியாளரிடம் மறுபடி கேட்க வேண்டும். மரத்தரை என்றால் பலகைகளைத் திறந்து கீழே கெட்டியான தரைவரை முட்டை இறக்க வேண்டும்.

தாங்குமரம் உயரமாகவும் ஒல்லியாகவும் இருப்பதால் படுத்துவிடப் பார்க்கும். முட்டின் தலைத்தட்டில் நடுவாக வைத்து, இரு பக்கமும் கட்டை வைத்து ஆணியடியுங்கள். மேலே கிடைமரங்களுக்கும் தாங்குமரத்துக்கும் கட்டை போட்டுப் பிடியுங்கள். முட்டுகள் இரண்டு திசையிலும் தூக்குக்குண்டு மட்டத்தில் நிற்க வேண்டும். நடு உயரத்தில் குறுக்கே ஒரு மரமும் மூலைவாக்கில் ஒரு மரமும் கட்டிவிட்டால் யாராவது சக்கர வண்டியை இடித்தாலும் விழாது.

இறுக்குவதற்கு முன் ஒரு அளவுகோல் வேண்டும். ஒவ்வொரு கிடைமரத்தின் கீழும் தரையிலிருந்து உயரத்தை ஒரு மரச்சட்டத்தில் குறித்து, கோட்டின் பக்கத்தில் ட்ரஸ் எண்ணை எழுதிவையுங்கள். கையால் இறுக்க முடிந்த அளவுக்கு எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு, கைப்பிடியால் ஒரு முட்டுக்குக் கால் சுற்று, அடுத்ததற்குக் கால் சுற்று, எதிர்ப்பக்கம் என்று மாறி மாறிப் போங்கள். சட்டத்தில் உள்ள கோட்டைவிட ஒரு மி.மீ. உயர்ந்தால் நிறுத்துங்கள். நோக்கம் கூரையைத் தூக்குவது அல்ல, பாரத்தைச் சுவரிலிருந்து முட்டுக்கு மாற்றுவது. சரியாக மாறியதா என்று பார்க்க மறுபடியும் ரம்பப் பிளேடு: முன்பு சிக்கிய இடத்தில் இப்போது இறுக்கம் தளர்ந்திருக்கும், அல்லது சுவர் உச்சியில் தலைமுடி அளவு கோடு தெரியும். தூக்கிவிட்டால் பக்கத்து அறைப் பூச்சில் விரிசலும் ஓட்டில் உடைசலும் வரும். ஒரு முட்டு கையால் தளர்வாகச் சுற்றினால் அதன் பாரம் பக்கத்து முட்டுக்குப் போயிருக்கிறது என்று பொருள்.

ஒரு இரவு அப்படியே விட்டுவிட்டு, காலையில் கோடுகளைச் சரிபார்த்த பிறகே சுவரைத் தொடுகிறோம். முதலில் இரு முனையிலும் கிரைண்டரால் முழு உயரத்துக்கும் நேர்க்கோடு வெட்ட வேண்டும், விட்டுவைக்கும் சுவர்த்துண்டுக்கு அதிர்வு போகாமல் இருக்க. பிறகு மேல்வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கீழே இறக்குவது. அடியில் சம்மட்டி போட்டு மொத்தமாகச் சாய்ப்பது வேகமாகத் தெரியும். விழும் சுவர் முட்டைத் தட்டும், அதற்குப் பிறகு பேச எதுவும் இருக்காது. இடிபாடுகளை முட்டின் அடியில் குவிக்காமல் உடனுக்குடன் வெளியேற்றுங்கள், அடிப்பலகை எப்போதும் கண்ணில் பட வேண்டும். சீலிங் ஓரத்தில் பூச்சுப் பொடி உதிர்ந்தாலோ, மரம் முனகினாலோ, கோட்டில் இரண்டு மி.மீ.க்கு மேல் இறக்கம் தெரிந்தாலோ ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு அளவுகளை வெளியில் நின்று யோசிக்க வேண்டும். உள்ளே நின்று முட்டைத் திருகிச் சரிசெய்யும் வேலை அல்ல அது.

பீம் முனைகள் செங்கல்லின் மேல் நேராக உட்காரக் கூடாது. இரு முனையிலும் 230 நீளம், 106 அகலம், 150 உயரத்தில் முன்கூட்டியே வார்த்துப் பதப்படுத்திய கான்கிரீட் பெட் பிளாக் வைத்து, கெட்டியான கலவையில் மட்டம் பார்த்து உட்கார வைக்கிறோம். இந்தக் கலவைக்கு ஒரு நாளாவது கொடுங்கள். பீமின் மேல்தகட்டில் 38 × 76 மரப்பட்டியைப் 10 மி.மீ. போல்ட்டில் 600 மி.மீ.க்கு ஒன்றாகக் கடையிலேயே பொருத்தி வாங்கியிருந்தால் நல்லது. இரு முனையிலும் கால்மேடை போட்டு, நான்கு பேர் இரண்டு கட்டமாகத் தூக்கினால் 71 கிலோ பெரிய பாரமில்லை. ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கப் பார்க்க வேண்டாம்.

பீம் உட்கார்ந்ததும் மரப்பட்டிக்கும் கிடைமரத்துக்கும் நடுவே சில மி.மீ. இடைவெளி இருக்கும். அதை எதிரெதிராக அடிக்கும் கெட்டி மர ஆப்புகளாலோ இரும்புத் தகடுகளாலோ ஒவ்வொரு ட்ரஸ்ஸின் கீழும் இறுக்கமாக நிரப்ப வேண்டும், அடித்த பிறகு நகராமல் ஆணி போட வேண்டும். முன்பு சுவரிலிருந்து வந்த கால்வனைஸ் பட்டைக்குப் பதிலாக, ஒவ்வொரு ட்ரஸ்ஸையும் சுற்றிப் பீமின் அடிவரை புதுப் பட்டை போட்டு இறுக்குங்கள். பீம் முனையையும் சுவர்த்துண்டின் கீழ்வரிசைகளோடு பட்டையால் கட்டச் சொல்லிப் பொறியாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் காற்று கூரையோடு சேர்த்துப் பீமையும் தூக்கலாம்.

பெட் பிளாக்கின் கீழ்க் கலவை வலுப்பெறும்வரை, குறைந்தது ஏழு நாள், முட்டு அப்படியே நிற்கட்டும். வாடகையை நினைத்து அவசரப்படுவது இந்த இடத்தில்தான். இறக்கும்போது நடு முட்டிலிருந்து தொடங்கி இரு முனைக்கும் போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று, பிறகு மீண்டும் நடுவிலிருந்து. பீம் நடுவில்தான் அதிகம் வளையும் என்பதால் முனையை முதலில் தளர்த்தினால் நடு முட்டு மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். இந்தக் கணக்குக்கு இந்த பீம் நடுவில் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல்தான் வளைய வேண்டும். ஆப்புகள் நசுங்குவதும் சேர்ந்து சட்டத்தில் மூன்று மி.மீ. இறக்கம் தெரிந்தால் சரிதான். அதற்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் முட்டை மீண்டும் இறுக்கி, எந்த ஆப்பு தளர்ந்திருக்கிறது என்று மேலே ஏறிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு ட்ரஸ்ஸின் கீழ் மட்டும் ஆப்பு பிடிக்காமல் இருக்கும்.

கீசரில் தண்ணீர் நிரப்புவது முட்டெல்லாம் வெளியே போன பிறகு. நிரப்பி, மறுநாள் ஒரு தடவை கோட்டைப் பார்த்து, அதன் பிறகே பீமைச் சுற்றிக் கம்பிவலை அடித்துப் பூச்சு. பழைய பூச்சும் புதிய பூச்சும் சேரும் கோட்டில் வலையை இரு பக்கமும் 150 மி.மீ. ஏற்றிவிட்டால் அங்கே விரிசல் ஓடாது. சீலிங் பலகையைப் பீமோடு ஒட்டிப் பூசாமல் ஒரு மெல்லிய கோடு விட்டு, கார்னிஸை ஒரு பக்கம் மட்டும் பொருத்துங்கள். பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் இரும்பும் மரமும் ஒரே அளவில் நகராது.